சாய்வு உண்மை சொன்னது, வெட்டுத்துண்டு ஏமாற்றியது

சோடியம் உலோகத்தைக் கத்தியால் வெட்டினால் வெண்ணெய் போல வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னும். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மினுமினுப்பு மங்கி, சாம்பல் நிறப் படலம் படர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் செய்கிற வேலை அது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரயர்சன் ஆய்வகத்தில் ராபர்ட் மில்லிகனுக்குப் பல ஆண்டுகள் தலைவலி கொடுத்தது இந்த மெல்லிய படலம்தான். அவருக்கு வேண்டியது மாசு படியாத சோடியம்.

கடைசியில் அவர் ஒரு பட்டறையையே கண்ணாடிக் குழாய்க்குள் கொண்டுபோய் வைத்தார். காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்த குழாய். உள்ளே ஒரு சக்கரத்தில் சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவற்றின் வார்ப்புத் துண்டுகள். வெளியிலிருந்து மின்காந்தத்தால் இயக்கக்கூடிய ஒரு சுழல் கத்தி. சக்கரத்தைத் திருப்பி உலோகத்தைக் கத்திக்கு முன் நிறுத்தி மேல்தோலைச் சீவுவார். மறுபடி திருப்பிப் புதிய முகத்தை ஒளிக்கு நேரே கொண்டுவருவார். அந்த வேலையின் முடிவுகள் 1916இல் வெளிவந்தன.

அவர் அளந்தது என்ன? உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வருகின்றன. எதிரே இருக்கும் தகடு அவற்றைச் சேகரித்தால் சுற்றில் சிறு மின்னோட்டம் பாயும். இப்போது சேகரிக்கும் தகட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்துப் பாருங்கள். எலக்ட்ரான்கள் மேட்டில் ஏறுகிற நிலைக்கு வந்துவிடும். வேகம் குறைந்தவை பாதியிலேயே திரும்பும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, மிக வேகமானதும் ஏற முடியாமல் நின்றுவிடும். மின்னோட்டம் சுழியாகிற அந்த இடம்தான் நிறுத்து மின்னழுத்தம். மிக வேகமான எலக்ட்ரானிடம் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்பதை வோல்ட்டில் சொல்லிவிடுகிற அளவு இது.

ஒளியின் செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது, அவற்றின் உச்ச ஆற்றல் கூடவில்லை என்பதை 1902இலேயே லெனார்ட் கண்டிருந்தார். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலத்தின் ஆற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது. உலோகத்தை விட்டு வெளியேற எலக்ட்ரான் அதில் ஒரு பங்கைக் கட்டணமாகச் செலுத்துகிறது. மிச்சம்தான் அதன் வேகம். அந்தக் கட்டணத்துக்குப் பெயர் வெளியேற்று ஆற்றல். பாடநூல்களில் இது

eV = hν − φ

என்று இருக்கும். இதில் V நிறுத்து மின்னழுத்தம், ν ஒளியின் அதிர்வெண், φ வெளியேற்று ஆற்றல், e எலக்ட்ரானின் மின்னூட்டம். இந்தச் சமன்பாடு துணிச்சலான ஒரு கணிப்பைச் செய்தது. V-ஐ ν-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். எந்த உலோகமானாலும் கோட்டின் சாய்வு ஒன்றாகவே இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் அளவுக்கு நல்ல அளவீடுகள் 1905இல் யாரிடமும் இல்லை.

இன்று கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பாதரச விளக்கும், நிற வடிகட்டிகளும், ஓர் ஒளிமின் கலமும் இருந்தால் ஒரு மதியத்தில் இதைச் செய்துவிடலாம். ஒரு மாணவிக்கு இப்படி அளவுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். 578 நானோமீட்டர் மஞ்சள் ஒளிக்கு 0.55 வோல்ட். 546 பச்சைக்கு 0.68. 436 நீலத்துக்கு 1.23. 405 ஊதாவுக்கு 1.46. 365 புற ஊதாவுக்கு 1.79. அலைநீளத்தை வைத்து வரைந்தால் கோடு வளைந்துவிடும். எனவே ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்து அதிர்வெண்ணாக்க வேண்டும். மஞ்சளுக்கு 5.19 × 10¹⁴ ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 519 லட்சம் கோடி அதிர்வுகள். புற ஊதாவுக்கு 8.21 × 10¹⁴.

வரைபடத் தாளில் ஐந்து புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் உட்காருகின்றன. இரு முனைகளையும் எடுத்துக்கொண்டால், மின்னழுத்தம் 1.24 வோல்ட் உயர்ந்திருக்கிறது, அதிர்வெண் 3.02 × 10¹⁴ உயர்ந்திருக்கிறது. வகுத்தால் சாய்வு 4.11 × 10⁻¹⁵. இதை எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.602 × 10⁻¹⁹ கூலும்பால் பெருக்கினால் 6.58 × 10⁻³⁴ ஜூல் நொடி. பிளாங்க் மாறிலியின் உண்மையான மதிப்பு 6.626 × 10⁻³⁴. நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை.

இந்த மகிழ்ச்சியோடு மாணவி கோட்டைக் கீழே நீட்டுகிறாள். அது செங்குத்து அச்சை −1.58 வோல்ட்டில் வெட்டுகிறது. கலத்தின் ஒளி படும் தகடு பொட்டாசியம் என்று கருவியின் குறிப்பேடு சொல்கிறது. ஆக, பொட்டாசியத்தின் வெளியேற்று ஆற்றல் 1.58 எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதிவிடுகிறாள். அட்டவணையைப் புரட்டினால் அங்கே 2.3 என்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு காணோம். அளந்த கை பிழை செய்யவில்லை. கோடு வேறு ஏதோ ஒன்றின் கதையைச் சொல்லியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு கிணறுகளை நினைத்துக்கொள்ளலாம். நிலத்தடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைக்கிறது; அதனால் நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒன்றின் சுற்றுச்சுவர் குட்டை, மற்றதன் சுவர் நெட்டை. குட்டைச் சுவர்க் கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து ஒரு பந்தை எறிந்து நெட்டைச் சுவர்க் கிணற்றுக்குள் விழச் செய்ய வேண்டும் என்றால், எவ்வளவு பலம் வேண்டும்? நெட்டைச் சுவரைத் தாண்டும் அளவு வேண்டும். குட்டைச் சுவரின் உயரம் கணக்கிலேயே வராது.

கலத்துக்குள் நடப்பதும் இதுதான். ஒளி படும் தகடும் சேகரிக்கும் தகடும் இரண்டு வேறு உலோகங்கள். கம்பி அவற்றை இணைத்தவுடன் உள்ளேயுள்ள எலக்ட்ரான்களின் மட்டம் சமமாகிவிடுகிறது. ஆனால் வெளியேற்று ஆற்றல்கள் வேறு வேறு என்பதால், வோல்ட்மீட்டர் சுழி காட்டும்போதே இரண்டு பரப்புகளுக்கும் இடையில் ஒரு மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. தொடு மின்னழுத்தம் என்று அதைச் சொல்வார்கள். வோல்ட்மீட்டருக்கு அது தெரியாது; எலக்ட்ரானுக்குத் தெரியும். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒளி படும் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் கழிந்து மறைந்துபோகிறது. சமன்பாட்டில் மிஞ்சுவது சேகரிக்கும் தகட்டின் வெளியேற்று ஆற்றல் மட்டுமே. மாணவி கண்டுபிடித்த 1.58, பொட்டாசியத் தகட்டுக்கு எதிரே இருக்கும் உலோக வளையத்தைச் சேர்ந்தது. அந்த வளையத்தின் மேல் காலப்போக்கில் பொட்டாசிய ஆவி படிந்திருக்கும். அதனால் அதன் மதிப்பும் சுத்தமான உலோகத்துக்கு உரியதாக இருக்காது.

தொடு மின்னழுத்தம் எல்லா நிறங்களுக்கும் ஒரே அளவுதான். அது கோட்டை மொத்தமாக மேலோ கீழோ நகர்த்தும்; சாய்வைத் தொடாது. அதனால்தான் பிளாங்க் மாறிலி சரியாக வந்தது, வெளியேற்று ஆற்றல் தவறியது. பல பாடநூல்கள் இந்த இடத்தை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் தாண்டிப் போவது வருத்தமான விஷயம்.

மில்லிகனுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய சக்கரத்துக்கு மூன்றாவது ஒரு நிறுத்தமும் இருந்தது. சீவிய முகத்தை அங்கே திருப்பி, அதன் தொடு மின்னழுத்தத்தைத் தனியாக அளந்து, கோட்டை அந்த அளவுக்கு நகர்த்திய பிறகே வெட்டுத்துண்டைப் படித்தார். சோடியத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1.82 வோல்ட். இன்றைய அட்டவணைகள் 2.3ஐ ஒட்டியோ அதற்கு மேலோ தருகின்றன. அவ்வளவு பாடுபட்டும் இந்த எண் முழுவதுமாகப் பிடிபடவில்லை. வெளியேற்று ஆற்றல் உலோகத்தின் மேல்தோலுக்கு உரிய குணம். சில அணு அடுக்கு வாயு படிந்தாலே மாறிவிடும்.

சாய்வோ அவரைக் கைவிடவில்லை. சோடியத்துக்கு அவர் கண்ட சாய்வு 4.124 × 10⁻¹⁵. இன்று ஏற்கப்பட்ட மதிப்பு 4.136 × 10⁻¹⁵. நூற்றில் மூன்றில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் சொன்ன பிளாங்க் மாறிலி, இன்றைய அலகில் 6.56 × 10⁻³⁴. இது ஒரு சதவீதம் குறைவு. நல்ல சாய்விலிருந்து இந்தக் கூடுதல் பிழை எப்படி வந்தது? சாய்வு தருவது h-ஐ அல்ல, h-ஐ e-ஆல் வகுத்த ஈவை. பெருக்குவதற்கு எலக்ட்ரானின் மின்னூட்டம் வேண்டும். அதை அவர் தன்னுடைய புகழ்பெற்ற எண்ணெய்த் துளிச் சோதனையிலிருந்து எடுத்தார். அந்தச் சோதனையில் காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட மதிப்பு சற்றே குறைவு என்பது 1930களில் தெரியவந்தது. அதனால் மின்னூட்டமும் 0.6 சதவீதம் குறைந்திருந்தது. ஒளிமின் அளவீட்டில் வந்த பிழையைவிட எண்ணெய்த் துளி சேர்த்த பிழையே பெரிது.

சாய்வையும் கெடுக்கக்கூடிய காரணங்கள் உண்டு. முதலாவது, பின்னோக்கிப் பாயும் மின்னோட்டம். உள்ளே சிதறும் ஒளி சேகரிக்கும் தகட்டின் மேலும் பட்டால் அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்பும். மீட்டர் சுழியைத் தொடும்போது இரண்டு எதிரெதிர் ஓட்டங்கள் ஒன்றையொன்று சமன் செய்திருக்கும். உண்மையான நிறுத்தம் இன்னும் தள்ளி இருக்கும். புற ஊதாவில் இந்தக் குறைவு பொதுவாக அதிகம், எனவே கோடு படுத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் மில்லிகன், தான் பயன்படுத்திய ஒளிக்கு எலக்ட்ரானை விடாத, ஆக்சைடு ஏற்றிய செம்பைச் சேகரிப்பானாக வைத்தார். இரண்டாவது, வடிகட்டியில் கசியும் ஒளி. மஞ்சள் அளவீட்டில் கொஞ்சம் நீலம் கலந்துவிட்டால், அந்தச் சில நீலப் பொட்டலங்கள் தெறிக்கவைக்கும் வேகமான எலக்ட்ரான்கள் நிறுத்து மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டும். இதுவும் கோட்டைப் படுக்கவைக்கும். வகுப்பறைகளில் பிளாங்க் மாறிலி பெரும்பாலும் குறைவாகவே வருவதன் இரகசியம் இந்த இரண்டுக்குள் இருக்கிறது.

முதல் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செறிவைக் கூட்டியும் குறைத்தும் மீட்டரின் வளைவுகளை வரைந்து, எதிர்ப்பக்கம் அவை தட்டையாகி எங்கே படுக்கின்றன என்று கவனித்தால், பின்னோக்கிய ஓட்டம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் வரையறையாலேயே நிலைநிறுத்தப்பட்டுவிட்டன. எனவே ஆய்வகத்தில் வரையும் கோட்டின் சாய்வு எவ்வளவு வர வேண்டும் என்பது முன்பே தெரிந்ததே. வெட்டுத்துண்டு அப்படி அல்ல. இந்தச் சோதனையைச் செய்யும் மாணவர்கள் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதும்போது, ஒளி படும் உலோகத்தின் பெயரோடு சேகரிக்கும் தகட்டின் உலோகம் எது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.