தள்ளு, நிறுத்து, தள்ளு

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்தோரம் இரண்டு மூன்று வால்களோடு தொங்கும் குழாயை நர்ஸுகள் ‘சென்ட்ரல் லைன்’ என்பார்கள். உள்ளே அதன் நுனி இதயத்துக்குச் சற்று மேலே பெரிய ரத்தக்குழாயில் இருக்கும். ரத்தமோ மருந்தோ உள்ளே தங்கிவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் சலைனால் கழுவுகிறார்கள்.

காலையில் ரத்த மாதிரி எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிடுகிறார். காற்று நீக்கிய 10 மில்லி சிரிஞ்சை மாட்டி, ஒரு மில்லி தள்ளுகிறார். கண்ணிமைக்கும் நேரம் நிறுத்துகிறார். மறுபடி ஒரு மில்லி. ஒரே சீராகத் தள்ளினால் திரவம் குழாயின் நடுவில் வேகமாக ஓடும், சுவரோரம் ஏறக்குறைய நகராது. ரத்தக்கறை ஒட்டியிருப்பதோ அங்கேதான். விட்டுவிட்டுத் தள்ளும்போது எழும் சுழல் அதை அரித்துக்கொண்டு போகிறது. ரத்தம் எடுத்த பிறகு இப்படி 20 மில்லிவரை கழுவுவது பல மருத்துவமனைகளில் வழக்கம்.

முடிக்கும் விதத்தில்தான் கைத்திறன் இருக்கிறது. சிரிஞ்சின் அடிவரை அழுத்தினால் அதன் ரப்பர் நசுங்கி, விட்டதும் திரும்ப எழும்பும். அந்தச் சிறு இழுப்பிலேயே நுனிக்குள் ரத்தம் ஏறிவிடும். அதனால் கடைசி அரை மில்லியை மீதம் வைத்து, கட்டைவிரல் அழுத்தத்தைத் தளர்த்தாமலே கிளாம்பைப் பூட்ட வேண்டும். சில வகை இணைப்பிகளில் மட்டும் சிரிஞ்சைக் கழற்றிய பிறகு பூட்டுவதே முறை; உறையில் எழுதியிருக்கும்.

சிறிய சிரிஞ்சு ஆபத்து. அதே விரல் பலத்துக்கு அதில் அழுத்தம் பல மடங்கு கூடும். அடைப்பு இருந்தால் குழாய் வெடிக்கலாம். தள்ளும்போது தடுத்தால் கிளாம்ப் மூடியிருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, நோயாளியை இருமச் சொல்லி, தலையைத் திருப்பச் சொல்லலாம். அப்போதும் போகாவிட்டால் பலம் காட்டக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். சலைன் தாராளமாகப் போய், இழுத்தால் ரத்தம் வராததும் கோளாறுதான்: நுனியில் படிந்த ஃபைப்ரின் ஒருவழிக் கதவாக வேலை செய்கிறது.

ஹெப்பாரின் கழுவுவதற்கல்ல, சலைனால் கழுவியபின் உள்ளே நிரப்பி வைப்பதற்கு. சலைனைவிட அது பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டாததால், பல இடங்களில் சலைனோடு நிறுத்திவிடுகிறார்கள். பயன்படுத்துகிற இடங்களில் பொதுவாக மில்லிக்கு 10 யூனிட். 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் டென்னிஸ் க்வெய்டின் பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகளுக்கு, அதற்குப் பதிலாக மில்லிக்கு 10,000 யூனிட் குப்பியிலிருந்து ஏற்றிவிட்டார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள், இரண்டு குப்பிகளின் லேபிளும் நீலம்.

டயாலிசிஸ் குழாய் இதில் தனி ரகம். அதில் பெரும்பாலும் மில்லிக்கு 1,000 யூனிட்டோ அதற்கும் மேலோ அடைத்து வைத்திருப்பார்கள். அதன் வாயில் சிரிஞ்சை மாட்டினால் முதல் வேலை தள்ளுவதல்ல, உள்ளே இருப்பதை உறிஞ்சிக் கொட்டுவது.