மல்லாட்டை எப்போது பிடுங்கலாம்?

திண்டிவனம் பக்கத்து விவசாயி ஒருவர், முதல்முறை மல்லாட்டை போட்ட தன் சித்தப்பா மகனுக்குக் கடிதம் எழுதினார். “தம்பி, இலை பழுத்துவிட்டது என்று மட்டும் நம்பிப் பிடுங்கிவிடாதே” என்பதே அதன் முதல் வரி.

காரணம் உண்டு. டி.எம்.வி. 7 போன்ற கொத்து ரகங்கள் சுமார் 105 நாளில் முற்றும். அப்போது இலை மஞ்சளாகி அடியிலை உதிரும். ஆனால் டிக்கா எனும் இலைப்புள்ளி நோய் வந்தாலும், தண்ணீர் குறைந்தாலும் இலை அப்படித்தான் உதிரும்.

உண்மையைச் சொல்வது ஓட்டின் உட்புறம். வயலில் ஐந்து இடங்களில் ஒவ்வொரு செடி பிடுங்கி, எல்லாக் காய்களையும் உடைக்கச் சொல்கிறார் அண்ணன். பிஞ்சுக்காயின் உள்தோல் வெள்ளையாகப் பஞ்சுபோல இருக்கும். முற்றிய காயில் அது மெலிந்து பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருக்கும். பருப்பும் நிறமேறித் திரண்டிருக்கும்.

“80 காய் உடைத்து 60 கருத்திருந்தால் பிடுங்கு. 45தான் என்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்.”

முக்கால் பங்கு முற்றினால் போதும். கடைசிப் பிஞ்சுக்காகக் காத்திருக்கக் கூடாது. அவசரப்பட்டால் பருப்பு சுருங்கி, எண்ணெயும் குறையும். தாமதித்தால் காம்பு இற்று, காய் மண்ணிலேயே தங்கிவிடும். கொத்து ரகப் பருப்புக்குப் பெரும்பாலும் உறக்கக்காலம் இருக்காது என்பதால், மழை பெய்தால் வயலிலேயே முளைத்துவிடக்கூடும்.

மண் இறுகியிருந்தால் முதலில் லேசாகத் தண்ணீர் பாய்ச்சி, ஈரம் பதமானதும் பிடுங்கும்படி கடிதம் முடிகிறது.