தண்ணீர் கலந்தால்தான் வீரியம்

கையில் தேய்க்கும் ஆல்கஹாலும் கண்ணில் விடும் அயோடினும் கிருமிகளைக் கொல்லும் வழிகள் வேறு வேறு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்க முடியாது.

நாட்டின் எந்த மூலையில் உள்ள கண் மருத்துவமனையானாலும் காட்சி ஒன்றுதான். பச்சைத் துணி போர்த்திய மேஜையில் படுத்திருக்கிறார் ஒரு முதியவர். மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்தப்போகிறார்கள். நேற்றுவரை சந்தை, வயல், பேருந்து என்று திரிந்த கண் அது. இமையோரத்திலும் இமை மயிரிலும் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றில் சில கண்ணுக்குள் புகுந்துவிட்டால் சீழ் பிடிக்கும். சில நாட்களிலேயே பார்வை போய்விடக்கூடும்.

அந்த அறையில் இரண்டு கிருமிநாசினிகள் இருக்கின்றன. மருத்துவர் கையில் தேய்த்துக்கொள்வது நிறமற்ற ஆல்கஹால். முதியவரின் கண்ணில் விடப்படுவது காப்பித் தூள் நிறத்தில் இருக்கும் பாவிடோன் அயோடின். இரண்டும் கொல்கின்றன. ஆனால் இடம் மாறினால் விபரீதம். ஆல்கஹால் கண்ணின் மேற்பரப்பையே பொசுக்கிவிடும்.

அவிழும் முடிச்சு

ஆல்கஹாலின் வேலையைச் சமையலறையிலேயே பார்க்கலாம். முட்டையின் வெள்ளைக்கருவில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றினால் அடுப்பில்லாமலேயே வெந்ததுபோல் வெளுத்துத் திரளும். கிருமிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது தன்னைத்தானே மடித்துச் சுருட்டி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். சங்கிலியில் தண்ணீரைப் பிடிக்காத, எண்ணெய்த்தனமான பகுதிகள் உண்டு. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அவை உள்பக்கமாக ஒளிந்துகொள்கின்றன. மடிப்பு குலையாமல் நிற்பதற்கு இந்த ஒளிதலே பெரிய காரணம். ஆல்கஹாலோ இரண்டுங்கெட்டான். தண்ணீரோடும் சேரும், எண்ணெய்த்தன்மையோடும் சேரும். அது வந்ததும் ஒளிந்திருந்த பகுதிகளுக்கு வெளியே வரத் தடையில்லை. மடிப்பு அவிழ்கிறது, அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கித் திரள்கின்றன. அதே நேரத்தில் கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்விலும் ஆல்கஹால் புகுந்து அதை ஓட்டையாக்குகிறது. உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து வெளியேறுகிறது. சங்கிலியின் கண்ணிகள் எதுவும் உடைவதில்லை. வடிவம் மட்டும்தான் போகிறது, ஆனால் கிருமி சாவதற்கு அதுவே போதும்.

இந்தக் காரியத்துக்குத் தண்ணீரும் வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. தண்ணீரே இல்லாத சுத்த ஆல்கஹாலில் புரதம் வறண்டு விறைத்துப்போகிறது. நெகிழ்ந்து அவிழ்வதற்கு வழியில்லை. அதனால் நூறு சதவிகித ஆல்கஹாலைவிட எழுபது, எண்பது சதவிகித ஆல்கஹால் நன்றாகக் கொல்கிறது. அறுபதுக்குக் கீழே இறங்கினால் வேகம் சரிகிறது. 'ஸ்ட்ராங்' சரக்குதான் நல்ல சரக்கு என்ற கணக்கு இங்கே செல்லாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கைத்தேய்ப்புத் திரவச் சூத்திரம் இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. பத்து லிட்டர் தயாரிக்க 96 சதவிகித எத்தனால் 8,333 மில்லி லிட்டர் வேண்டும். அதில் உள்ள சுத்த ஆல்கஹால் 8,000 மில்லி லிட்டர், அதாவது பத்து லிட்டரில் எண்பது சதவிகிதம். கை வறண்டு வெடிக்காமலிருக்க கிளிசரின் 145 மில்லி லிட்டர். மூன்று சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி லிட்டர். மீதி, காய்ச்சி ஆறவைத்த அல்லது வாலையில் வடித்த தண்ணீர். கலந்து பாட்டிலில் அடைத்தபின் 72 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும் என்கிறது விதி.

இதில் பெராக்சைடு எதற்கு? கையில் உள்ள கிருமிகளுக்காக அல்ல. பாட்டிலிலும் கலவையிலும் புகுந்திருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளைக் கொல்வதற்காக. சில பாக்டீரியாக்கள் கஷ்டகாலத்தில் கெட்டியான ஓட்டுக்குள் வறண்ட நிலையில் ஒடுங்கிக்கொள்ளும். அந்த வித்து நிலையில் ஆல்கஹால் அவற்றை எதுவும் செய்ய முடியாது. மாதக்கணக்கில் ஆல்கஹாலில் ஊறிவிட்டும் முளைக்கும்.

2011 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்தது இதுதான். ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஆல்கஹால் பஞ்சுத் துண்டுகளில் பேசிலஸ் செரியஸ் என்ற வித்து உண்டாக்கும் பாக்டீரியா இருக்கலாம் என்று தெரிந்து, தயாரிப்பாளர் அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆல்கஹாலில் நனைந்ததெல்லாம் கிருமியற்றது என்று நம்பியிருந்தவர்களுக்கு அதிர்ச்சி.

கொழுப்புச் சவ்வு இல்லாத வைரஸ்களிடமும் ஆல்கஹால் திணறும். கோவிட் வைரஸுக்குக் கொழுப்புறை உண்டு, அதனால் 2020இல் சானிடைசர் எடுபட்டது. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது. அங்கே சோப்பும் தண்ணீரும்தான் மேல்.

கடிக்கும் அயோடின்

அயோடினின் வழி முரட்டு வழி. அது வடிவத்தைக் குலைப்பதோடு நிற்காது, மூலக்கூறையே மாற்றிவிடும். இரண்டு அணுக்கள் சேர்ந்த சிறிய அயோடின் மூலக்கூறு கிருமியின் சுவரைச் சுலபமாகக் கடந்து உள்ளே போகிறது. புரதங்களில் கந்தகம் உள்ள இடங்களைத் தாக்கி ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அதாவது அங்கிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சவ்வுக் கொழுப்பின் இரட்டைப் பிணைப்புகளையும் விடுவதில்லை. ஒரே நேரத்தில் இத்தனை இடங்களில் அடி விழுவதால் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறுவது அபூர்வம்.

ஆனால் ஒவ்வொரு தாக்குதலிலும் அயோடின் தானும் செலவாகிறது. எலக்ட்ரானை வாங்கியதும் அது நிறமற்ற அயோடைடாக மாறி ஓய்ந்துபோகிறது. இதையும் வீட்டில் பார்க்கலாம். நீர்த்த பாவிடோன் அயோடினில் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டால் பழுப்பு நிறம் மறைந்துவிடும். காயத்தில் பூசிய மருந்து வெளுத்துக்கொண்டே போகிறது என்றால் இரத்தமும் சீழும் அயோடினைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மறுபடி பூச வேண்டும். ஆல்கஹால் இப்படிச் செலவாவதில்லை, ஆவியாகிப் பறந்துவிடுகிறது. கை காய்ந்ததும் அதன் ஆட்டம் முடிந்தது. எனவேதான் இருபது, முப்பது விநாடிக்காவது ஈரம் நிற்கும் அளவுக்கு உள்ளங்கை நிறைய எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு சொட்டில் கை துடைத்துக்கொள்வது வெறும் சம்பிரதாயம்.

பழைய டிங்க்சர் அயோடின் எப்படி எரியும் என்பது ஒரு தலைமுறைக்கு நினைவிருக்கும். அந்த முரட்டுத்தனத்தை அடக்கியது பாவிடோன் என்ற செயற்கைப் பிசின். ஜெர்மனியில் முதலில் இரத்த பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்பட்ட பொருள் இது. 1955இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஷெலான்ஸ்கி என்ற பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் இதனோடு அயோடினைப் பிணைத்தார்கள். பிசின் அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கடையில் வாங்கும் பத்து சதவிகிதக் கரைசலில் அயோடினின் பங்கு ஒரு சதவிகிதம். அதிலும் கட்டவிழ்ந்து திரிவது பத்து லட்சத்தில் ஒரு சில பங்கு மட்டுமே. கொல்வது அந்தச் சொற்ப அயோடின்தான். அது செலவாகச் செலவாகப் பிசின் அடுத்த தவணையைக் கொடுக்கிறது.

இங்கேயும் தண்ணீர் ஒரு வேடிக்கை செய்கிறது. கரைசலை நீர்க்கச் செய்தால் பிசினின் பிடி தளர்கிறது. அதனால் திரியும் அயோடின் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. நூறு மடங்கு நீர்த்த நிலையில் அது உச்சத்தைத் தொடுகிறது, மூலக் கரைசலில் இருந்ததைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அதற்கும் மேல் தண்ணீர் சேர்த்தால் சரியத் தொடங்கும். அப்படியானால் மருத்துவமனையில் ஏன் நூறு மடங்கு நீர்ப்பதில்லை? கையிருப்பு போய்விடும் என்பதால்தான். சிறிது இரத்தம் பட்டாலே நீர்த்த கரைசலின் அயோடின் முழுவதும் தீர்ந்துவிடும். வேகம் வேண்டுமா, இருப்பு வேண்டுமா என்ற பேரம் இது.

கண்ணில் மூன்று நிமிடம்

முதியவரின் கண்ணுக்கு விடப்படுவது ஐந்து சதவிகிதம். பல இடங்களில் பத்து சதவிகிதக் கரைசலில் சம அளவு உப்பு நீர் கலந்து தயாரிக்கிறார்கள். முதலில் மரத்துப்போக சொட்டு மருந்து, பிறகு அயோடின். மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டுக் கழுவுகிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில் அவசரப்பட்டால் பலனில்லை.

நியூயார்க் கண் மருத்துவமனை ஒன்றில் ஸ்பீக்கர், மெனிகாஃப் என்ற இரு மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த வழக்கத்துக்கு வலுச் சேர்த்தது. அறுவை அரங்குகளின் ஒரு தொகுதியில் ஐந்து சதவிகித பாவிடோன் அயோடின், மற்றொன்றில் வெள்ளி கலந்த பழைய மருந்து. கண்ணுக்குள் சீழ் பிடித்தது அயோடின் பக்கம் பத்தாயிரத்துக்கு ஆறு பேருக்கு, மறுபக்கம் இருபத்து நான்கு பேருக்கு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத ஆய்வு என்ற குறை உண்டு. ஆனாலும் வித்தியாசம் நான்கு மடங்கு.

தவறுகள் நடப்பதும் இங்கேதான். கை தேய்த்துக் கழுவுவதற்கென்று ஏழரை சதவிகித பாவிடோன் அயோடின் தனியாக வருகிறது. அதில் சோப்புச் சரக்கு உண்டு. நிறம் ஒன்றே என்பதால் பாட்டில் மாறிக் கண்ணில் விழுந்தால் கருவிழி பாழாகும். குலுக்கினால் கெட்டியாக நுரைக்கிறதா என்று பார்ப்பது எளிய எச்சரிக்கை, லேபிளைப் படிப்பது அதைவிட உத்தமம். இன்னொரு தவறு, மரத்துப்போகச் சொட்டு மருந்துக்குப் பதில் ஜெல்லை முதலில் தடவுவது. ஜெல் படலமாகப் படிந்துவிட்டால் அயோடின் கிருமியைத் தொடவே முடியாது. அயோடின் முதலில், ஜெல் பிறகு.

பாட்டிலுக்குள் குடியிருப்பு

பிசினின் பிடி சில சமயம் கிருமிக்கே சாதகமாகிவிடும். 1980இல் நியூயார்க்கின் சில மருத்துவமனைகளில் நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையில் சூடோமோனாஸ் செபேசியா என்ற பாக்டீரியா அடுத்தடுத்துத் தென்பட்டது. இரத்தத்தில் கிருமி இருந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வர வேண்டும். இவர்களில் பலருக்கு அப்படி ஒன்றும் இல்லை. வார்டு வேறு, நோய் வேறு, மருந்து வேறு. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: இரத்தம் எடுப்பதற்கு முன்பு தோலைத் துடைத்த பாவிடோன் அயோடின். கிருமி நோயாளியிடம் இல்லை, பாட்டிலில் இருந்தது.

பிறகு நடந்த ஆய்வுகளில், இந்த பாக்டீரியா தொழிற்சாலையின் குழாய்களுக்குள் பாசிபோல் படலம் கட்டி வாழ்ந்து, அந்தக் கொழகொழப்பு உறையோடு பாட்டிலுக்குள் வந்திருக்கலாம் என்று தெரிந்தது. படலம் வெளிப்பக்கத்தில் அயோடினைத் தின்று தீர்க்க, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. நீர்க்காத கரைசலில் திரியும் அயோடின் குறைவு என்பதும் அவற்றுக்கு உதவியது. சில பாட்டில்களில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருந்தன. அத்தனை காலமும் அந்தக் கரைசலின் பழுப்பு நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.