பதினைந்து நிமிடம் பழைய விலை

2010 மே 6, நியூயார்க். பிற்பகல் 2:42 மணிக்குப் பிறகு ஐந்தே நிமிடங்களில் டவ் ஜோன்ஸ் குறியீடு சுமார் 600 புள்ளிகள் விழுந்து, 2:47-க்கு 9,870 அருகே போய் நின்றது. இருபது நிமிடங்களுக்குள், அதாவது 3:07 வாக்கில், அந்தச் சரிவில் பெரும்பகுதியை மீட்டும்விட்டது.

அன்று 15 நிமிடத் தாமத விலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் நிலை என்ன? சந்தை பள்ளத்தில் கிடந்த 2:47-க்கு அவர் திரையில் 2:32-இன் விலை. பெருஞ்சரிவு அங்கே தொடங்கவே இல்லை. பள்ளம் அவர் கண்ணில் பட்டது 3:02-க்கு. அப்போது மலிவு என்று வாங்கப் போனாலும் அந்த விலை கிடைக்காது. திரையில் வந்த எண் எதுவும் பொய்யில்லை. அது எந்த நேரத்து எண் என்பதுதான் பிரச்சினை.

நேரலை விலையைப் பங்குச் சந்தைகள் கட்டணத்துக்கு விற்கின்றன. சிறிது நேரம் கழிந்த விலையைத்தான் பெரும்பாலும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகின்றன. வழக்கமான இடைவெளி 15 நிமிடம். கூகுள் ஷீட்ஸில் பலரும் பயன்படுத்தும் GOOGLEFINANCE-க்கும் இது பொருந்தும். விலைகள் 20 நிமிடம் வரை தாமதமாகலாம் என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

ஒருவர் தன்னிடமுள்ள 200 பங்குகளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ஷீட்டில் விலை 480 ரூபாய்க்கு வந்தால், ஒரு சிறிய நிரல் தானாக விற்பனை ஆர்டர் போட வேண்டும். காலை 11 மணிக்கு விலை 500. மோசமான காலாண்டு முடிவு வெளியாகி, 11:06-க்கு 480. நிரலுக்கு அது தெரிவது 11:21-க்கு. அதற்குள் சந்தையில் விலை 462. ‘மார்க்கெட் ஆர்டர்’ என்றால் 462-க்கே விற்பனையாகும். திட்டமிட்டதைவிட 3,600 ரூபாய் கூடுதல் நஷ்டம். ‘480-க்குக் குறைந்து விற்காதே’ என்று லிமிட் போட்டிருந்தால் பங்கு விற்பனையே ஆகாமல் கையில் தங்கிவிடும். நிரலில் பிழை எதுவும் இல்லை. நேரலை விலை தேவைப்படும் வேலையைத் தாமத விலையிடம் ஒப்படைத்ததுதான் தவறு.

இரண்டு இடங்களிலிருந்து விலை எடுத்து ஒப்பிடுவது இன்னும் ஆபத்து. ஒன்று நேரலை, மற்றது தாமதம் என்றால், இரண்டுக்கும் நடுவே நான்கு ரூபாய் வித்தியாசம் தெரியும். அதை லாப வாய்ப்பு என்று நம்பி நிரல் வாங்கி விற்கக் கிளம்பும். உண்மையில் அது ஒரே பங்கின் இரு வேறு நேரத்து விலைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஷீட்டிலேயே வழி இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் போதும்:

```
=GOOGLEFINANCE("NSE:ITC","price")
=GOOGLEFINANCE("NSE:ITC","tradetime")
=GOOGLEFINANCE("NSE:ITC","datadelay")
```

இரண்டாவது வரி, கடைசி வர்த்தகம் நடந்த நேரம். மூன்றாவது, அந்தத் தரவுக்குச் சொல்லப்பட்டிருக்கும் தாமதம். பல நிரல்கள் ‘விலை எடுத்த நேரம்’ என்று தங்கள் கடிகார நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. அது விலையின் வயதைச் சொல்லாது. வர்த்தக நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிகம் கைமாறாத சிறு பங்குகளில், தரவு தாமதமாகாவிட்டாலும் கடைசி வர்த்தகமே அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், விலை பழையது என்றால் நிரல் ஆர்டர் போடாமல் நிற்க வேண்டும்.

தாமத விலை எதற்கும் உதவாது என்று இதற்குப் பொருளில்லை. மாலையில் கையிருப்பின் மதிப்பைக் கணக்கிட, 200 நாள் சராசரியைப் பார்க்க, ஒரு பங்கு முதலீட்டில் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை சோதிக்க, அது தாராளமாகப் போதும். இந்த முடிவுகள் பதினைந்து நிமிடத்தில் மாறுவதில்லை. ஒரு கவனம் மட்டும் தேவை: தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வர்த்தகம் முடியும் 3:30-க்கே கணக்கைப் போட்டால், கடைசி நிமிடங்களின் வர்த்தகம் அதில் வந்திருக்காது. தவிர, கடைசி வர்த்தகத்தின் விலையும் சந்தை அறிவிக்கும் முடிவு விலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே கணக்கை இரவுக்குத் தள்ளிவைப்பதே சரி.

ஸ்டாப் லாஸ் வேண்டுமென்றால் அதைத் தரகு நிறுவனத்தின் கணக்கிலேயே ஆர்டராகப் போட்டுவிடுங்கள். அங்கே அது நேரலை விலையைப் பார்த்து இயங்கும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று ஒரு நாளுக்குத்தான் செல்லும் என்பதால், மறுநாளும் தொடர வேண்டுமானால் மீண்டும் போட வேண்டும். ஷீட்டுக்கு மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்பும் வேலையை மட்டும் கொடுங்கள்.