அறிக்கைக்கு ஏற்ற வரைபடம்

எக்செல் தானாகப் போட்டுத் தரும் வரைபடம் திரையில் பளிச்சென்று இருக்கும். அதையே அறிக்கையில் ஒட்டிக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். நான்கு பால் கொள்முதல் நிலையங்களின் ஓராண்டு அளவைக் காட்டும் கோட்டு வரைபடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். மாதக் கொள்முதல் 18,000 முதல் 42,000 லிட்டர் வரை. கோடைக்குப் பின் வடக்கு நிலையத்தில் ஏற்பட்ட சரிவே அறிக்கையின் செய்தி.

முதலில் அளவு. ஏ4 தாளில் இருபுறமும் 2.5 செ.மீ. விளிம்பு விட்டால் மிஞ்சும் அகலம் 16 செ.மீ. எக்செல்லிலேயே வரைபடத்தின் அகலத்தை 16 செ.மீ. ஆக வைத்துவிட வேண்டும். 32 செ.மீ. அகலத்தில் வரைந்து, வேர்டில் படமாக ஒட்டிப் பாதியாகச் சுருக்கினால் 9 புள்ளி எழுத்து நாலரைப் புள்ளியாகிவிடும். அறிக்கைகளில் கண்ணைச் சுருக்கிப் படிக்க வைக்கும் வரைபடங்கள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

அடுத்து நிறம். வடக்கு நிலையத்துக்கு மட்டும் அடர் நீலம் (`0072B2`), மற்ற மூன்றுக்கும் சாம்பல் (`A6A6A6`) கொடுத்தால் சொல்ல வந்த செய்தி முதல் பார்வையிலேயே தெரியும். நகலெடுத்தாலும் நீலம் அடர்ந்தும் சாம்பல் வெளிறியும் நிற்கும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு. நிறக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குழப்பம் தருவது இந்த இரண்டும்தான். சாம்பல் கோடுகள் ஒன்றையொன்று பலமுறை வெட்டிக்கொண்டால் நிறம் மட்டும் போதாது. ஒன்றிரண்டை `Dash type` மூலம் விட்டுவிட்டுச் செல்லும் கோடுகளாக்கலாம்.

நிறங்களின் பொருளைச் சொல்லும் பெட்டியை நீக்கிவிட்டு, கோட்டின் முனையிலேயே பெயர் எழுதுவது நல்லது. கோட்டை ஒருமுறை சொடுக்கி, பிறகு கடைசிப் புள்ளியை மட்டும் இன்னொருமுறை சொடுக்கி, வலது சொடுக்கில் `Add Data Label` கொடுக்க வேண்டும். பின் `Format Data Label` பகுதியில் `Series Name` என்பதைத் தேர்ந்து, `Value` என்பதை எடுத்துவிட்டு, இடத்தை `Right` என்று வைக்கலாம். பெரும்பாலும் பெயர் வலது ஓரத்தில் இடித்து நிற்கும். `Plot Area`வின் வலது விளிம்பைச் சற்று உள்ளே இழுத்தால் இடம் கிடைக்கும்.

குறுக்குக் கோடுகள் அளவைப் படிக்க உதவினால் போதும், தரவோடு போட்டி போடக் கூடாது. அச்சு 0 முதல் 50,000 வரை இருக்க, `Major` அளவை 10,000 என்று வைத்தால் கோடுகள் குறைந்துவிடும். அவற்றுக்கு `D9D9D9` நிறமும் 0.75 புள்ளித் தடிமனும் சரி. தரவுக் கோடு 2.25 புள்ளி இருக்கட்டும். `Display units` பட்டியலில் `Thousands` தேர்ந்தால் அச்சில் 10, 20, 30 என்று சுருங்கிய எண்கள் வரும். அப்போது அச்சின் தலைப்பில் ‘ஆயிரம் லிட்டர்’ என்று எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் படிப்பவர் 30 லிட்டர் என்றே எடுத்துக்கொள்வார்.