சராசரி நல்லா இருக்கு, ஆனா பாட்டு விட்டு விட்டு வருது!

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்களுக்கு வரும் குழப்பங்களில் ஒன்று இது. ஸ்பீட் டெஸ்ட் எல்லாம் நன்றாகவே காட்டும். ஆனால் வீடியோ காலில் பேசினால் குரல் வெட்டி வெட்டி வரும். இது ஏன்? ஒரே ஒரு ஸ்கிரீன் ஷாட்டை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போமா?

செங்கல்பட்டில் இருக்கும் என் உறவுக்காரப் பெண் சிங்கப்பூரில் உள்ள பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறார். வகுப்பு தினமும் மாலை 5 முதல் 6 வரை. சில வாரங்களாக, ஸ்வரம் பாடும்போது நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகிறது என்று பெற்றோர்கள் குறை சொல்ல, இரண்டு பிள்ளைகள் நின்றும் விட்டார்கள். இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டதற்கு அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சராசரி 36 தான் மேடம், லைன் அருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டார். மாதம் கூடுதலாகப் பணம் கட்டி வேகமான பிளானுக்கு மாறலாமா என்று கேட்டு, அதே படத்தை எனக்கு அனுப்பினார்.

படத்தில் என்ன இருந்தது?

அவருடைய கம்ப்யூட்டரில் ஓடிய ஒரு சிறிய புரோகிராம் விநாடிக்கு ஒரு முறை "பிங்" அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று குறித்துக்கொண்டே வருகிறது. (ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு தான் மில்லி செகண்ட், திரையில் `ms` என்று காட்டும்.) இந்தக் காத்திருப்பு நேரத்தைத் தான் லேட்டன்சி என்கிறோம். படத்தில் இரண்டு கோடுகள். கீழே நீலக் கோடு `avg`, அதாவது சராசரி. மேலே ஆரஞ்சுக் கோடு `p95`, அதாவது 95ஆவது பெர்சன்டைல்.

இரவு 2 மணிக்கு இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு 18, 19 என்று போகின்றன. மாலை 5 மணிக்கு மேல் நீலக் கோடு 36க்கு ஏறுகிறது. ஆரஞ்சுக் கோடோ 180க்குத் தாவி விடுகிறது. இணைப்பு கொடுத்தவர் நீலக் கோட்டை மட்டும் பார்த்தார். விஷயம் இருந்தது ஆரஞ்சில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வகுப்பு நேரத்தில் வந்த 20 பிங் பதில்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

```
18 17 18 19 18 17 18 19 18 17
18 19 18 180 216 18 19 18 17 18
```

எல்லாவற்றையும் கூட்டினால் 720. இருபதால் வகுத்தால் 36. இது தான் சராசரி. இப்போது பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். 36 என்ற எண் எங்காவது இருக்கிறதா? 36ஐ ஒட்டிக்கூட ஒன்றும் இல்லை. 18 பதில்கள் 17 முதல் 19க்குள் வந்தன. இரண்டு மட்டும் பல மடங்கு தாமதம். சராசரி இந்த இரண்டையும் மற்ற எல்லோர் தலையிலும் பங்கு போட்டு, யாருக்குமே நேராத ஒரு எண்ணைக் காட்டுகிறது.

95ஆவது பெர்சன்டைல் கண்டுபிடிக்கக் கூட்டல் தேவையில்லை. எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்த வேண்டும். இருபதில் 95 சதவீதம் என்றால் 19. ஆக, 19ஆவதாக நிற்கும் எண் தான் விடை. இங்கே அது 180. "நூற்றுக்கு 95 பதில்கள் இந்த நேரத்திற்குள் வந்துவிட்டன, மீதி 5 இதைவிடவும் தாமதமாகலாம்" என்பது இதன் பொருள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கு வேலைக்குப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்களில் பஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றத்தில் தேர் ஓடும் நாளில் இரண்டரை மணி நேரம் ஆகும். சராசரியைச் சொல்லி அன்றைக்கு முதலாளியைச் சமாதானப்படுத்த முடியுமா?

ஐந்து சதவீதம் சிறியதா?

ஒரு வெப் பக்கம் கால் செகண்ட் தாமதமாக வந்தால் நமக்குத் தெரியாது. குரல் அப்படி அல்ல. இன்டர்நெட் கால்களில் குரல் பொதுவாக 20 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. அதாவது ஒரு செகண்டிற்கு 50 துண்டுகள். ஐந்து சதவீதம் தாமதம் என்றால், செகண்டிற்கு இரண்டு மூன்று துண்டுகள். தாமதங்கள் சீராகப் பரவி வருவதும் இல்லை. மேலே உள்ள பட்டியலில் பாருங்கள், 180ம் 216ம் அடுத்தடுத்து வருகின்றன. எதிர்முனையில் உள்ள புரோகிராம் ஒவ்வொரு துண்டுக்காகவும் சிறிது நேரம் தான் காத்திருக்கும். அதற்குப் பிறகு வந்தால் தூக்கிப் போட்டுவிடும். அப்போது தான் ஒரு ஸ்வரம் முழுசாக விழுங்கப்படுகிறது.

தாமதம் எங்கிருந்து வந்தது?

இதற்கும் படத்திலேயே துப்பு உண்டு. கோட்டின் அடிமட்டம் தூரத்தைச் சொல்லும். மேலே தாவுவது பெரும்பாலும் கியூவைச் சொல்லும். கண்ணாடி இழையில் ஒளி செகண்டிற்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலுக்கு அடியில் போடப்பட்ட i2i கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர 6,400 கிலோமீட்டர், ஆக 32 மில்லி செகண்ட். எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த வழியில் இதற்குக் கீழே இறங்க முடியாது. ஆனால் தூரம் மாலை 5 மணிக்கு மட்டும் கூடாது அல்லவா? நடுவில் எங்கோ டேட்டா வரிசையில் நிற்கிறது என்று தான் பொருள்.

எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு இடங்களுக்குப் பிங் அனுப்ப வேண்டும். ஒன்று, வீட்டிலுள்ள ரூட்டர் (பல வீடுகளில் இதன் முகவரி 192.168.1.1). இன்னொன்று, வெளியே உள்ள 8.8.8.8 என்ற கூகுள் சர்வர். ரூட்டர் வரையிலேயே தாமதம் என்றால் வைஃபை தான் காரணம். இவர் வீட்டில் ரூட்டருக்கு `p95` வெறும் 3. ஆகவே வைஃபை மேல் பழியில்லை.

"அஞ்சு மணிக்கு வீட்டில வேற யார் நெட் யூஸ் பண்றாங்க?" என்று கேட்டேன்.

"தம்பி தான் அண்ணா. காலையில கடற்கரைக் கோயில்கிட்ட எடுத்த போட்டோக்களை அந்த நேரத்துல தான் கஸ்டமர்களுக்கு ஒவ்வொண்ணா அனுப்புவான்."

விடை கிடைத்துவிட்டது. ஒரு போட்டோ சுமார் 2.5 மெகாபைட். அவர்களின் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ். ஒரு போட்டோ வெளியேற 2 செகண்ட் ஆகும். அந்த 2 செகண்டும் மோடத்தின் வாசலில் கியூ நிற்கும். கியூவில் 200 கிலோபைட் தேங்கினாலே பின்னால் வருவது 160 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். வழக்கமான 18ஐயும் சேர்த்தால் 178. படத்தில் கண்ட 180க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்! விநாடிக்கு ஒரு பிங் என்பதால், ஒரு போட்டோவிற்கு இரண்டு பிங் மாட்டிக்கொள்கின்றன.

தம்பி 6 மணிக்கு மேல் போட்டோ அனுப்பத் தொடங்கினார். வகுப்பு நேரத்து `p95` 20க்கு இறங்கியது. டவுன்லோட் வேகத்தை மட்டும் கூட்டித் தரும் பிளானுக்கு மாறியிருந்தால் பணம் தான் போயிருக்கும். கியூ நின்றது அப்லோட் வழியில். நேரத்தை மாற்ற முடியாதவர்கள், ரூட்டரில் வசதி இருந்தால், அப்லோட் அளவை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்திற்குக் கட்டுப்படுத்தலாம்.

நீங்களே அளந்து பார்க்க

விண்டோஸில் பிங் கட்டளை சராசரியைக் காட்டும், 95ஐக் காட்டாது. ஸ்டார்ட் மெனுவில் Windows PowerShell என டைப் செய்து திறந்து, பிரச்னை வரும் நேரத்திலேயே கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு வரியாகத் தரவும். முதல் வரி முடிய மூன்று நிமிடத்திற்கு மேல் ஆகும்.

```
$a = Test-Connection 8.8.8.8 -Count 200 | % ResponseTime | sort
$a.Count
($a | measure -Average).Average
$a[189]
```

இரண்டாவது வரி எத்தனை பதில்கள் வந்தன என்று காட்டும். மூன்றாவது சராசரி. நான்காவது 95ஆவது பெர்சன்டைல். 200இல் 190ஆவது எண். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 189 என்று கொடுக்கிறோம். அடுத்து 8.8.8.8க்குப் பதிலாக உங்கள் ரூட்டர் முகவரியைக் கொடுத்துப் பார்க்கவும்.

ஏமாற வேண்டாம்

இந்த 95ம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலில், பதிலே வராத பிங்கிற்கு நேரம் கிடையாது. அதனால் அது எந்தக் கணக்கிலும் சேராது. இரண்டாவது வரியில் 200க்குக் குறைவாக வந்தால், எத்தனை குறைகிறதோ அத்தனை பதில்கள் தொலைந்துவிட்டன. அது தாமதத்தை விட மோசம்.

அடுத்து, அந்த 20 பதில்களில் ஒன்று மட்டும் 2,000 மில்லி செகண்ட், மற்ற 19ம் 18 என்றால், சராசரி 117க்கு ஏறிவிடும். ஆனால் 19ஆவது எண் 18 தான்! இங்கே சராசரி தான் எச்சரிக்கிறது, 95 மறைத்துவிடுகிறது. ஆகவே அதிகபட்ச எண்ணையும் ஒரு பார்வை பார்க்கவும்.

மூன்றாவதாக, எவ்வளவு நேரத்திற்கான கணக்கு என்று பார்க்கவும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் என்பது 4 சதவீதத்திற்குச் சற்று அதிகம், ஐந்துக்குக் குறைவு. எனவே மாலை 5 முதல் 6 வரை ஒவ்வொரு பிங்கும் தாமதமானாலும், நாள் முழுவதற்குமான `p95` அதைக் காட்டாது. வகுப்பு எப்போதோ, அந்த ஒரு மணி நேரத்திற்கு மட்டும் படத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை யாராவது ஒரு படத்தைக் காட்டி "சராசரி நல்லா இருக்கு" என்றால், இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு போனால் லைன் சீராக இருக்கிறது. விலகிப் போனால், எந்த மணியில் விலகுகிறது, அப்போது வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.