கடிதம் இருக்கட்டும், படம் போகட்டும்

ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மெயிலுக்கு மட்டுமானதல்ல. டிரைவும் போட்டோஸும் அதில்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. உடனே பலரும் பழைய பெரிய மெயில்களை மொத்தமாக அழிக்கத் தொடங்குவார்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அட்டாச்மென்ட்தான். ஆனால் அதோடு சேர்ந்து கடிதமும் போய்விடுகிறது.

வீடு கட்டும்போது ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஒரு பழைய மெயிலை எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு என்ன விலை, கதவு ஜன்னல் யார் பொறுப்பு என்று நான்கு வரி. கூடவே தளம் போட்ட நாளில் எடுத்த 6 படங்கள், ஒவ்வொன்றும் 3 எம்பி. கூட்டினால் 18 எம்பி. ஆனால் ஜிமெயில் அதை ஏறக்குறைய 24 எம்பி என்று காட்டும். மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளைச் சுமக்கப் பிறந்தது. அதில் படம் ஏற வேண்டுமானால், அதன் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த நான்கு வரிக்கோ ஒரு கேபி கூட ஆகாது.

படங்களை மட்டும் எடுத்துவிடலாமே என்றால், ஜிமெயிலின் வலைப்பக்கத்தில் அதற்கு வழியே இல்லை. கடிதமும் படமும் ஒரே நீண்ட எழுத்துக்கோவையாகச் சேர்ந்திருக்கின்றன. சர்வருக்கு வந்து சேர்ந்த மெயிலின் நடுவில் கைவைக்க மெயில் நெறிமுறை அனுமதிப்பதில்லை. படம் நீக்கிய ஒரு புதுப் பிரதியைச் சர்வரில் ஏற்றிவிட்டு, மூலத்தைத் தூக்கி எறிவதுதான் ஒரே வழி. தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. வருகிற சிக்கல்கள் எல்லாமே இந்த 'புதுப் பிரதி' விவகாரத்தால்தான்.

முதலில் ஜிமெயில் தேடல் பெட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
has:attachment larger:10M older_than:5y
```

வருகிறவற்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'பெரியவை' என்று ஒரு லேபிள் ஒட்டுங்கள். பிறகு கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, அதே ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால், அந்த லேபிள் ஒரு ஃபோல்டராகத் தெரியும். ஒரு மெயிலைத் திறந்து, கீழே இருக்கும் அட்டாச்மென்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். Delete என்றால் படம் போய்விடும். Detach என்றால் கணினியில் சேமித்துவிட்டு மெயிலிலிருந்து எடுக்கும். கடிதத்தில் படம் இருந்த இடத்தில் அதன் பெயர் மட்டும் ஒரு குறிப்பாக நிற்கும். பிற்பாடு தேடும்போது அந்தப் பெயரும் உதவும். Detach செய்த படங்களைப் பிறகு வேறு ஃபோல்டருக்கு மாற்றினால், மெயிலிலிருந்து அவற்றைத் திறக்க முடியாது. எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

இத்தனையும் செய்தபின் பார்த்தால் இடம் ஒரு துளியும் குறைந்திருக்காது! பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். தண்டர்பேர்டு மூலத்தை அழித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும். ஜிமெயிலைப் பொறுத்தவரை அதன் லேபிள் மட்டும்தான் கழன்றிருக்கிறது. 24 எம்பி மூலம் All Mail பகுதியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை வலைப்பக்கத்திலிருந்து நீங்களேதான் நீக்க வேண்டும்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. மூலமும் பிரதியும் ஒரே உரையாடலாகச் சேர்ந்து ஒற்றை வரியாகத் தெரியலாம். அந்த வரியை நீக்கினால் இரண்டும் போய்விடும். எனவே அமைப்புகளில் General பகுதிக்குப் போய் Conversation view என்பதை முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு அதே தேடலை மறுபடி செய்தால் மெலிந்த பிரதி அதில் வராது, கனமான மூலம் மட்டும் வரும். அந்தப் பட்டியலில் நீங்கள் இன்னும் கைவைக்காத மெயில்களும் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு மெயிலில் செய்து, 'பெரியவை' லேபிளுக்குள் கடிதம் படிக்கும்படி இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். நீக்கியவை Trash-இல் 30 நாள் கிடக்கும். அதுவரை அவையும் இடக்கணக்கில்தான். உடனே இடம் வேண்டுமென்றால் அதையும் காலி செய்யுங்கள்.

ஒருவகை மெயிலில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். மெயில் புறப்படும்போது அனுப்புகிற சர்வர் பெரும்பாலும் ஒரு டிஜிட்டல் முத்திரை இடுகிறது. கடிதம், அட்டாச்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட முத்திரை அது. படத்தை எடுத்ததும் கணக்கு ஒத்துவராது. இது வந்தபடியே இருக்கிறது என்று அதைக் கொண்டு நிரூபிக்க முடியாமல் போகும். ஒப்பந்தக்காரரோடு தகராறு நீதிமன்றம் வரை போகும்போல் இருந்தால், மூலத்தை .eml கோப்பாகக் கணினியில் இறக்கி, வேறொரு டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்துவிட்டுத்தான் சர்வரிலிருந்து நீக்க வேண்டும்.